துறவிக்கு ஒரு விதி, பாட்டுக்கு ஒரு பிரதி

814-இல் சார்லமேன் மறைந்தபின் பிராங்கியப் பேரரசை ஆண்டவர் அவர் மகன் லூயி. அவர் காலத்தில் மடங்கள் ஆளுக்கொரு விதியில் நடந்துகொண்டிருந்தன. இதைச் சீர்செய்ய அனியான் மடத்துத் துறவி பெனடிக்டை வரவழைத்து, ஆகன் அரண்மனைக்கு அருகிலேயே இன்டா என்ற முன்மாதிரி மடத்தைக் கட்டிக்கொடுத்தார். எல்லாத் துறவிகளும் நுர்சியாவின் புனித பெனடிக்ட் எழுதிய விதியையே பின்பற்ற வேண்டும் என்று 816, 817-இல் ஆகன் சபைகள் முடிவெடுத்தன.

அந்த முடிவு பள்ளிகளையும் தொட்டது. துறவுக்கென்று பெற்றோர் ஒப்படைத்த பிள்ளைகளுக்கு மட்டுமே இனி மடத்தில் பாடம். மடத்தின் அமைதிக்கு இது நல்லது, வெளிப்பிள்ளைகளுக்கோ கதவடைப்பு. மறைமாவட்டப் பள்ளிகளைச் சீராக்குவதாக 822-இல் ஆயர்கள் வாக்களித்தார்கள். ஆனாலும் 829-இல் பாரிஸில் கூடியபோது, மூன்று இடங்களிலாவது பொதுப்பள்ளி வேண்டும் என்று பேரரசரிடமே கேட்டார்கள்.

வழிபாட்டில் சிக்கல் இன்னும் ஆழமானது. ரோமை முறைதான் சரி என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. எது ரோமை முறை என்பதில்தான் குழப்பம். 831-இல் லூயியின் தூதராக ரோமுக்குப் போன அமலாரியுஸ், திருத்தந்தை நான்காம் கிரகோரியிடம் வழிபாட்டுப் பாடல்நூல் ஒன்று கேட்டார். கொடுக்கப் பிரதி இல்லை, முன்பே கோர்பி மடத்துக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. அவர் கோர்பிக்கே சென்று அதைத் தம் மெட்ஸ் நகரத்து நூலோடு ஒப்பிட்டார். பாடல்களின் வரிசையும் சொற்களும் மாறியிருந்தன. இரண்டிலிருந்தும் தேர்ந்தெடுத்துப் புதிய நூலைத் தொகுத்தார். எது எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் குறியும் இட்டார்.