தூசி கலப்பைக்குப் பின்னால்தான் கிளம்பும்

டிராக்டர் டீலர்கள் தரும் வண்ணக் கையேடுகளின் அட்டையில் பெரும்பாலும் ஒரே காட்சிதான் இருக்கும். விடிகாலைச் சூரியன், உழுத நிலம், புழுதி, நடுவில் பளபளக்கும் வண்டி. நகரத்துக்காரருக்கு அது அழகான படம். வண்டி வாங்க வந்த விவசாயியோ முதலில் கலப்பையைப் பார்ப்பார். கலப்பை தூக்கிய நிலையில் இருக்க, பின்னால் புழுதி மேகமாக எழுந்திருந்தால், படம் பொய் என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

உழும்போது வண்டியின் வேகம் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் டயர் பெரிதாகத் தூசி கிளப்பாது. மண்ணைக் கிழிக்கும் கொத்துகள்தான் கிளப்பும். ஆகவே புழுதி கலப்பைக்கு ஒட்டினாற்போல் தரையில் அடர்த்தியாகத் தொடங்கி, பின்னால் போகப் போக மெலிந்து பரவ வேண்டும். கம்ப்யூட்டரில் ஒட்டவைத்த புழுதி, முன் சக்கரத்தடியிலிருந்தும் புகைந்து வரும்.

உண்மையான புழுதி நினைத்தவுடன் கிடைப்பதும் இல்லை. மழை பெய்து இரண்டு நாள்கூட ஆகாத நிலத்தில் எழாது. கோடையில் இறுகிக் கிடக்கும் நிலத்தில் முதல் சால் ஓட்டினால் கட்டி கட்டியாகப் பெயருமே தவிர, தூள் குறைவு. முந்தைய நாளே ஒன்பது கொத்துக் கலப்பையால் ஒருமுறை உழுது, மேலே ரோட்டவேட்டர் ஓட்டிக் கட்டியை உடைத்து வைத்துவிட வேண்டும். மறுநாள் காலை அதே பட்டையில் மீண்டும் கலப்பையை இறக்கி ஓட்டினால் புழுதி தாராளமாக எழும். செம்மண் மானாவாரி நிலம் என்றால் நிறமும் சேர்ந்து வரும். விடிகாலையில் காற்று பெரும்பாலும் அசையாமல் இருப்பதால், எழுந்த புழுதி தாழ்வாகவே சற்று நேரம் நிற்கும்.

ஆனால் சூரியன் படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருந்தால் இத்தனையும் வீண். புழுதி வெளிறிய கறை போலத்தான் தெரியும். வெயில் வண்டிக்குப் பின்னாலிருந்து கேமராவை நோக்கி வரும்போதுதான் தூசித்துகள்கள் ஒளியை நம் பக்கம் சிதறடித்துப் பொன்னாக மின்னும். நேர் எதிரே நின்று எடுத்தால் வண்டி கறுத்துப்போய் கம்பெனிப் பெயரே தெரியாது. அதனால் சூரியனைப் பின்னால் ஒரு பக்கமாக ஒதுக்கி, முன்பக்கத்திலிருந்து வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்துப் பிடித்து பானெட்டுக்கு வெளிச்சம் திருப்புவார்கள். அட்டை சிறிது தூரத்துக்குத்தான் பயன்படும் என்பதால், வண்டி அதைக் கடக்கும் அந்த ஓரிரு நொடிகளில் படத்தை எடுத்தாக வேண்டும்.

நேரமும் குறைவு. சித்திரை மாதத்தில் மதுரைப் பக்கம் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கும். 6.25 வாக்கில், ஏழு அடி உயர வண்டியின் நிழல் ஏறக்குறைய 80 அடி நீளும், 6.45 தாண்டினால் 40 அடியாகச் சுருங்கிவிடும். இடையே கிடைக்கும் இருபது நிமிடத்தில்தான் எல்லாம். படத்தில் சூரியன் அடிவானத்தில் தொங்க, நிழல் மட்டும் வண்டிக்கடியில் குட்டையாகக் கிடந்தால், வானம் வேறு படத்திலிருந்து வந்தது என்று பொருள்.

அளவுக்கு வருவோம். ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான், அதுவும் பல நேரம் தெரியாமலே. 45 குதிரைத்திறன் கொண்ட, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 13.6-28 அளவுப் பின் டயர் நாலேகால் அடி உயரம், அதாவது சராசரி ஆளின் நெஞ்சு மட்டம். முன் டயர் 6.00-16 என்றால் சுமார் 2.4 அடி. பின் டயரில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

வண்டி கம்பீரமாகத் தெரியட்டும் என்று 24 மி.மீ. அகல லென்ஸை மாட்டிக்கொண்டு பதினாறடி தள்ளி, முன் மூலையில் தரையோடு தரையாகக் குந்தி எடுக்கிறார்கள். முன் சக்கரம் கேமராவுக்கு 4 மீட்டரிலும் பின் சக்கரம் 6 மீட்டரிலும் இருந்தால், அருகில் இருப்பது ஊதித் தெரியும். முன் டயர் பின் டயரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாகக் காட்சி தரும். நான்கு சக்கரமும் இழுக்கும் விலை கூடிய மாடல் போல அது தோன்றிவிடும். இதைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்கு வந்தவர் சின்ன முன் சக்கரத்தைக் கண்டு முகம் சுளித்தால் குற்றம் அவருடையது அல்ல.

அதே வண்டியை 65 அடி தள்ளி நின்று 100 மி.மீ. லென்ஸில் எடுத்தால் படத்தில் அதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்ளும். ஆனால் முன் சக்கரம் பின் சக்கரத்தில் ஐந்தில் மூன்று பங்கு, ஏறக்குறைய உள்ளபடியே. கேமரா உயரம் ஓட்டுநரின் இடுப்பளவு இருந்தால் போதும். இருக்கையில் உண்மையாகவே உழுகிற ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்கிறவர் அவரை வைத்துத்தான் மற்றதை அளப்பார். மட்கார்டில் இன்னொருவர் தொற்றிக்கொண்டிருக்கக் கூடாது. ஊரில் நடப்பதுதான், ஆனால் உயிர் போகும் பழக்கத்தை விற்பனைப் படத்தில் போடுவது தவறு.

இத்தனை செய்த பிறகும் டீலர் ஒரு யோசனை சொல்வார்: வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு எடுங்களேன் என்று. பானெட்டைத் துடைக்கலாம், பெயர்ப்பலகையைத் துடைக்கலாம். சக்கரத்தையும் கலப்பையையும் தொடாதீர்கள். கையேடு அச்சடிக்கும் டீலர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: படத்தின் ஓரத்திலேயே டயர் அளவையும், இரண்டு சக்கரம் இழுப்பதா நான்கு சக்கரம் இழுப்பதா என்பதையும் தெளிவாகப் போட்டுவிடுங்கள்.