காலியாக இருக்கும் கட்டம்

வார்டில் பயன்படும் மருந்து சார்ட்டுக்கு மூன்று பகுதிகள் தேவை. வேளை தவறாத மருந்துக்கு 6, 12, 18, 24 என்று மணி போட்ட கட்டங்கள் இருக்கும். நர்ஸ் மருந்தைக் கொடுத்ததும் கையெழுத்திடுவார். ஒரே முறை போடும் ஊசிக்கு ஒரு வரி போதும்.

சிக்கல் 'தேவைப்பட்டால்' பகுதியில்தான். அங்கே மணி போடவே கூடாது. போட்டால் அது தினசரி மருந்தாகிவிடும். எதற்காக, குறைந்தபட்ச இடைவெளி என்ன, 24 மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு என்பதை டாக்டர் எழுத வேண்டும். கொடுத்த நேரத்தை நர்ஸ் நிமிடம் வரை குறிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்த ஒருவருக்கு, ஆறு மணிக்கு ஒருமுறை பாராசிட்டமால் 1 கிராம் என்று எழுதியிருக்கிறது. 'காய்ச்சல் வந்தால் 1 கிராம்' என்று தேவைப்பட்டால் பகுதியிலும் இருக்கிறது. மதியம் 2 மணிக்குக் காய்ச்சல். அந்தக் கட்டம் காலியாக இருப்பதால் நர்ஸ் கொடுத்துவிடுகிறார். ஆனால் 12 மணிக்கே ஒரு கிராம் போயிருக்கிறது! பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு வழக்கமான உச்ச அளவான 4 கிராமை வேளை மருந்தே எட்டிவிடும்.

இரண்டு பகுதிகளும் ஒரே பார்வையில் படும்படி அச்சிட்டால் இது உடனே தெரியும். பின்பக்கத்தில் ஒன்றைத் தள்ளும் சார்ட்டை நான் ஏற்கமாட்டேன்.