‘எண்ணூருக்கு ஐஓடி அலாரம்’னு எழுதினா போதுமா? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் அத்தியாயம் எங்கே சறுக்குகிறது?

“எண்ணூர் பகுதியில் அமோனியா கசிவைக் கண்டறிந்து மக்களை எச்சரிக்கும் குறைந்த விலை ஐஓடி கருவியை உருவாக்குவதே எங்கள் ப்ராஜெக்ட்டின் நோக்கம்.”

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, ரிவியூவில் இதற்கு வரும் முதல் கேள்வி: “எவ்வளவு அமோனியா வந்தா அலாரம் அடிக்கும்?” இதற்குப் பதில் இல்லை என்றால், அந்த ரிப்போர்ட்டில் பிரச்சினை இன்னும் வரையறுக்கப்படவில்லை என்று அர்த்தம். வடசென்னையில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே இதைச் சரிசெய்து பார்ப்போம்.

அன்று இரவு என்ன நடந்தது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கடும் நெடியில் தூக்கம் கலைந்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு அளவுகளை வெளியிட்டது. தொழிற்சாலை வாயில் அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். 24 மணி நேர சராசரிக்கான வரம்பு 400. குழாய் கசிந்த இடத்தில் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5.

ஒரே சம்பவம், ஆனால் இரண்டு பிரச்சினைகள். காற்றுக்கு ஒரு சென்சார், நீருக்கு வேறு சென்சார். இரண்டையும் ஒரே ப்ராஜெக்ட்டில் சேர்த்தால் இரண்டுமே பாதியில் நிற்கும். நாம் காற்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் அலகை மாற்றுங்கள்

வாரியத்தின் எண் மைக்ரோகிராமில் இருக்கிறது. நீங்கள் கடையில் வாங்கும் சென்சாரின் டேட்டாஷீட் பிபிஎம்-மில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் பேசும். 25 டிகிரி வெப்பத்தில் அமோனியாவுக்கு இந்தக் கணக்கு:

```
ppm = (µg/m³ × 24.45) ÷ (17.03 × 1000)
```

இதில் போட்டால் 2,090 மைக்ரோகிராம் என்பது சுமார் 3 பிபிஎம். 400 என்பது 0.57 பிபிஎம்.

இப்போது, இந்த வகை ப்ராஜெக்ட்களில் அடிக்கடி வரும் எம்.க்யூ-135 சென்சாரின் டேட்டாஷீட்டைத் திறங்கள். அமோனியாவுக்கு அது தரும் வரம்பு 10 முதல் 300 பிபிஎம். அதாவது, வாயிலில் பதிவான அந்த 3 பிபிஎம்-மை நம்பகமாக அளக்க இந்தச் சென்சார் செய்யப்படவே இல்லை! போதாததற்கு புகை, ஆல்கஹால் ஆவி எல்லாவற்றுக்கும் அது அசையும். ஈரப்பதத்துக்கும் அளவு மாறும். கடல் காற்றும் கன்டெய்னர் லாரி புகையும் ஒன்றாக வீசும் எண்ணூர் சாலையில் இது என்ன காட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஒரு கணக்கை ஜூலையில் போட்டிருந்தால் சென்சாரை மாற்றியிருக்கலாம். மார்ச்சில் தெரிந்தால் ரிசல்ட் அத்தியாயமே காலி.

இன்னொரு எச்சரிக்கை. 2,090 என்பது ஓர் இடத்தில் எடுத்த அளவு. அதை அந்த இரவின் உச்சம் என்று எழுதக் கூடாது. அதேபோல 400 என்பது 24 மணி நேர சராசரிக்கான வரம்பு. ஒரு நொடியில் வரும் ரீடிங்கை அதோடு ஒப்பிட்டு அலாரம் வைத்தால் எக்ஸ்டர்னல் அங்கேயே பிடித்துவிடுவார்.

அப்போ எந்த எண்ணை வைப்பது?

2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் அமோனியாவுக்கு 8 மணி நேர வேலைக்கான வரம்பு 25 பிபிஎம், 15 நிமிடத்துக்கான வரம்பு 35 பிபிஎம் என்று இருந்தது. 25-ஐ அலாரம் அளவாக வைத்தால், 0 முதல் 100 பிபிஎம் வரை அளக்கும் எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் போதும். விலை கூடும், ஆனால் அளவை நியாயப்படுத்த முடியும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 25 பிபிஎம்-மில் அடிக்கும் கருவி, குழாய் கரையேறும் இடத்துக்கு அருகே பெரிய கசிவைப் பிடிக்கும். தெருவில் 3 பிபிஎம் பரவினால் அது வாயே திறக்காது. இதை மறைக்காமல் எழுதுவதுதான் ஸ்கோப்.

ஸ்கோப்: எது உள்ளே, எது வெளியே?

உள்ளே: ஒரே ஒரு முனை, காற்றில் உள்ள அமோனியா, 10 முதல் 100 பிபிஎம், அலாரமும் மொபைல் செய்தியும்.

வெளியே: கடல்நீர், குழாயில் கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது, 10 பிபிஎம்-முக்குக் கீழான அளவு, காற்று எந்தத் திசையில் வாயுவைக் கொண்டுபோகும் என்ற கணிப்பு. காற்று எதிர்த் திசையில் அடித்தால் ஒற்றை முனைக்கு எதுவுமே தெரியாது. அந்த வரியும் ரிப்போர்ட்டில் இருக்கணும். “ஏன் இதைச் செய்யவில்லை?” என்று கேட்டால் காட்ட உங்களிடம் ஒரு பக்கம் இருக்கும்.

அப்ஜெக்டிவ்: தோற்க வழி இருக்கிறதா?

“சென்சாரை மைக்ரோகன்ட்ரோலருடன் இணைப்பது” என்பது வேலைப் பட்டியல். அது அப்ஜெக்டிவ் கிடையாது. ஒயரைச் சொருகினால் முடிந்தது. அதில் தோற்கவே முடியாது. தோற்க வழியிருக்கும் வாக்கியத்தில்தான் அளவு, சூழல், சோதிக்கும் முறை மூன்றும் இருக்கும். நம்ம ப்ராஜெக்ட்டுக்கு இப்படி எழுதலாம்:

1. மூடிய பெட்டியில் 25 பிபிஎம் அமோனியா எட்டிய 2 நிமிடத்துக்குள், 20 சோதனைகளில் குறைந்தது 18-ல் அலாரம் அடிக்க வேண்டும்.

2. 10, 25, 50 பிபிஎம் அளவுகளில், அளவு சரிபார்க்கப்பட்ட கையடக்க வாயு டிடெக்டரின் ரீடிங்கிலிருந்து வித்தியாசம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

3. திருவொற்றியூரில் ஒரு மொட்டை மாடியில் தொடர்ந்து 7 நாள் வைத்தால், தவறான அலாரம் ஒன்றுக்கு மேல் வரக் கூடாது.

2 நிமிடம் எங்கிருந்து வந்தது? சென்சார் தன் இறுதி அளவில் 90 சதவீதத்தை எட்ட எடுக்கும் நேரம் டேட்டாஷீட்டில் இருக்கும். சிலவற்றுக்கு அதுவே ஒரு நிமிடத்தைத் தாண்டும். அதைப் பார்க்காமல் ‘10 வினாடி’ என்று எழுதினால் முதல் நாளே தோல்வி. அதேபோல, சோதனையில் 18 வந்தால் ‘90 சதவீதத் துல்லியம்’ என்று பில்டப் வேண்டாம். 20 சோதனை அதற்குப் போதாது. ‘20-ல் 18’ என்றே எழுதுங்கள்.

பெட்டிச் சோதனை பற்றி ஒரு வார்த்தை: 50 லிட்டர் பெட்டியில் 25 பிபிஎம் வர ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அமோனியா போதும். பெட்டியின் சுவரிலும் ஈரத்திலும் அது ஒட்டிக்கொள்ளும் என்பதால், போட்ட அளவை நம்பாமல் டிடெக்டர் காட்டும் அளவையே எடுங்கள். வேதியியல் லேபில், கைடு பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கடைசியாக எழுதும் பத்தி

இத்தனையும் முடிவான பிறகு பிரச்சினை வரையறை நாலு வரியில் வந்துவிடும்:

“2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, மக்கள் நெடியால்தான் விழித்தார்கள். குழாய் கரையேறும் இடத்துக்கு அருகே காற்றில் அமோனியா 25 பிபிஎம்-மைத் தாண்டினால் 2 நிமிடத்துக்குள் எச்சரிக்கும் ஒற்றை முனைக் கருவியை இந்த ப்ராஜெக்ட் உருவாக்கிச் சோதிக்கிறது. குறைந்த அளவுப் பரவலையும் கடல்நீரையும் இது அளக்காது.”

முதலில் பார்த்த வரியை விட இதில் வாக்குறுதி குறைவு. ஆனா, வைவாவில் “எவ்வளவு வந்தா அடிக்கும்?” என்று கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லலாம்.