வெள்ளையாக வரும் பில்

ஒரு மளிகைக் கடை பில்லில் மொத்தம் 135 ரூபாய் என்று இருந்தது. கடைக்காரர் கேட்டது 185. கூட்டிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. பில்லின் மேலிருந்து கீழ்வரை ஓடிய மெல்லிய வெள்ளைக் கோடு, எட்டின் இடது ஓரத்தைத் தின்று அதை மூன்றாக்கியிருந்தது. மெஷின் பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்றார் கடைக்காரர். அதற்கு முன் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த மெஷினில் மை கிடையாது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சு இருக்கிறது. மெஷினுக்குள் தாளின் அகலத்துக்கு ஒரு பட்டை உண்டு. அதுதான் ஹெட். அதில் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு என்ற கணக்கில் மிக நுண்ணிய சூடேறும் புள்ளிகள் வரிசையாக இருக்கும். சின்னக் கடைகளில் காணும் இரண்டு இன்ச் மெஷினில் பொதுவாக 384 புள்ளிகள். எதிரே இருக்கும் ரப்பர் ரோலர் தாளை ஹெட்டோடு அழுத்தி நகர்த்த, எந்தப் புள்ளி சூடாகிறதோ அந்த இடம் கறுக்கிறது. புள்ளிகள் அசைவதில்லை, தாள்தான் நகர்கிறது. அதனால் ஒரு சில புள்ளிகளின் மேல் அழுக்கு அப்பினாலே பில்லின் நீளத்துக்கும் வெள்ளைக் கோடு விழும்.

தாள் ஓடுகிறது, ஆனால் ஒரு எழுத்துகூட இல்லை என்றால் அது வேறு கதை. அத்தனை புள்ளிகளும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். புது ரோல் மாட்டிய கையோடு இப்படி ஆனால் முதலில் தாளைச் சந்தேகியுங்கள். நகத்தால் இரண்டு பக்கமும் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கீறல் விழும் பக்கம்தான் பூச்சுள்ள பக்கம். அது ரப்பர் ரோலரைப் பார்க்காமல் ஹெட்டைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ரோல்களில் பூச்சு வெளிப்பக்கம் இருக்கும், ஆகவே ரோலைத் திருப்பி வைத்தாலே பிரச்சினை தீரும். இரண்டு பக்கமும் கறுக்கவில்லையா? அது ரிப்பன் போட்ட பழைய மெஷின்களுக்கான சாதாரணத் தாள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் கடைகளில் மாறி வந்துவிடுகிறது.

தாள் சரி, பக்கமும் சரி, இன்னும் வெள்ளைதான் என்றால் மெஷினை அணைத்து, ஃபீட் பட்டனை அழுத்தியபடியே மறுபடி ஆன் செய்யுங்கள். பல மெஷின்கள் தாமாகவே ஒரு சோதனைத் தாளை அடிக்கும். அது தெளிவாக வந்தால் மெஷினில் குறையில்லை. பில் போடும் ஆப், கேபிள், புளூடூத் பக்கம் தேட வேண்டும்.

மளிகைக் கடையில் சோதனைத் தாளிலும் அதே இடத்தில் கோடு விழுந்தது. எனவே ஹெட்டைத் துடைப்பதுதான் அடுத்த வேலை. மின் இணைப்பை எடுத்துவிட்டு, சூடு ஆறும்வரை காத்திருங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தருவார்கள். காது குடையும் பட்ஸை அதில் நனைத்து, சொட்டாத அளவில், ஹெட்டின் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லத் துடைக்க வேண்டும். பஞ்சு கறுத்தால் வேறு பட்ஸ். ரப்பர் ரோலரில் ஒட்டியிருக்கும் தாள் தூளையும் எடுத்துவிடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே ஆன் செய்யலாம். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் ஹெட்டைத் தொடவே கூடாது. ஒரு கீறல் போதும், புள்ளி செத்துவிடும். கைக்குத் தேய்க்கும் சானிடைசரும் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படிந்துவிடும்.

அந்தக் கடையில் பஞ்சில் வந்தது பசை. புது ரோலின் முனையை ஒட்டியிருந்த இடத்தைக் கிழித்தெறியாமல் அப்படியே உள்ளே விட்டிருக்கிறார்கள். முதல் ஒரு சுற்றைக் கிழித்துவிட்டு மாட்டுவது நல்ல பழக்கம்.

பில் முழுவதும் மங்கலாக இருந்தால் வேறொரு ரோலைப் போட்டுப் பாருங்கள். பூச்சு மெலிதான மலிவு ரோல் மங்கலாகத்தான் அடிக்கும், அதன் சொரசொரப்பு ஹெட்டையும் தேய்க்கும். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த ரோலும் அப்படித்தான். கையடக்க மெஷினில் சார்ஜ் குறைந்தாலும் எழுத்து வெளுக்கும். ஒரு ஓரம் மட்டும் மங்கினால் மூடி இரு பக்கமும் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டென்சிட்டியைக் கூட்டுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் சூடு ஹெட்டின் ஆயுளைக் குறைக்கும்.

நன்றாகத் துடைத்த பிறகும் கோடு அதே இடத்தில் நின்றால் அந்தப் புள்ளிகள் எரிந்துபோய்விட்டன. ஹெட்டைத்தான் மாற்ற வேண்டும். மாற்றும்வரை, பில் ஆப்பில் இடது மார்ஜினைக் கொஞ்சம் நகர்த்தி, தொகை வரும் இடத்தில் கோடு விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.