மாத்திரை டப்பாவை நிரப்பும் முன்

வாரத்துக்கு 28 அறைகள் கொண்ட மாத்திரை டப்பாவை வாங்கியதும் அட்டைகளைப் பிரித்துப் போடத்தான் கை போகும். அதற்கு முன் எல்லா டாக்டர்களின் சீட்டுகளையும் பரப்பி வைத்து ஒரே பட்டியல் எழுத வேண்டும். அதில் கம்பெனி வைத்த பெயரை மட்டும் எழுதினால் போதாது. அட்டையில் அச்சாகியிருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் வேண்டும்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 75 வயது அம்மாவுக்கு சுகர் டாக்டர் மெட்ஃபார்மின் 500 காலை, இரவு சாப்பிட்ட பின் என்றும், அட்டோர்வாஸ்டாட்டின் 10 இரவு ஒன்று என்றும் எழுதியிருக்கிறார். இதய டாக்டர் தந்திருப்பது இரவுக்கு ஒரு கேப்சூல். பெயர் வேறு, நிறம் வேறு. ஆனால் அதன் அட்டையைத் திருப்பினால் ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 10 என்று இருக்கிறது. ஒரே கொழுப்பு மாத்திரை இரண்டு முறை உள்ளே போகிறது! மருந்தின் பெயரை எழுதும்போதுதான் இது கண்ணில் படும். கண்டதும் நாமாக ஒன்றை நிறுத்திவிடக் கூடாது; இரண்டு சீட்டையும் காட்டி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அடுத்தது நேரம். தைராக்சின் இருந்தால் அதிகாலை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே. முட்டிவலி டாக்டர் தந்த கால்சியம் அதன் கூடவே போனால் தைராக்சின் சரியாக உடம்பில் சேராது. நான்கு மணி நேர இடைவெளி தேவை என்பதால் கால்சியத்தை மதிய அறையில் போடலாம். எல்லாவற்றையும் டப்பாவில் போடவும் கூடாது. ஈரத்தை இழுக்கும் சோடியம் வால்புரோயேட் அட்டையிலேயே இருக்கட்டும். வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் தினமும் போனால் உயிருக்கே ஆபத்து; அதைத் தனியாக, கிழமை எழுதி வையுங்கள்.

இனி, வாங்கும் தேதி. ஞாயிறு இரவு டப்பாவை நிரப்பிய பின் மிச்சத்தை எண்ணுங்கள். மெட்ஃபார்மின் 24 இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு. ஆக 12 நாள், டப்பாவில் 7 நாள், மொத்தம் 19. மறுநாள் திங்கள் 1ஆம் தேதி என்றால் 19ஆம் தேதியோடு தீரும். ஒரு வாரம் முன்னதாக, 12ஆம் தேதி என்று பட்டியலில் குறியுங்கள். கேப்சூல் 8தான் மிச்சம் என்றால் அது 15ஆம் தேதி தீரும். 8ஆம் தேதியே வாங்க வேண்டும். இப்படித் தேதிகள் சிதறினால் கடைக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான். கேப்சூல் வாங்கும்போது நான்கு கூடுதலாக வெட்டித் தரச் சொன்னால் இரண்டும் ஒரே நாளில் தீரும்.

வார நடுவில் டாக்டர் அளவை மாற்றினால் பட்டியலில் தேதி போட்டுத் திருத்தி, மிச்ச நாட்களுக்கான அறைகளைக் கொட்டி மறுபடி நிரப்புங்கள். பழைய அட்டையை வீட்டில் வைக்காதீர்கள், அடுத்த ஞாயிறு அது தானாகக் கைக்கு வந்துவிடும்.