போருக்குப் போன பணமும் கட்டப்படாத வீடுகளும்

1965 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் வில்லியம் மெக்செஸ்னி மார்ட்டினை, அதிபர் ஜான்சன் தம் டெக்சாஸ் பண்ணை வீட்டுக்கு வரவழைத்துக் கடிந்துகொண்டார். வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டியை மார்ட்டின் 4 சதவீதத்திலிருந்து 4.5 ஆக உயர்த்தியிருந்தார். ஜான்சனுக்கோ வியட்நாம் போருக்குப் பணம் வேண்டும். வரியை உயர்த்த மனமில்லை. 1965 நிதியாண்டில் சுமார் 5,100 கோடி டாலராக இருந்த பாதுகாப்புச் செலவு, 1967-இல் சுமார் 7,100 கோடியானது.

அன்றைய அமெரிக்காவின் இறக்குமதி, மொத்த உற்பத்தியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஏறக்குறைய மூடிய பொருளாதாரம். 1937-இல் பொருளியலாளர் ஜான் ஹிக்ஸ் வரைந்த ஐஎஸ்-எல்எம் படத்தை வைத்து இந்தச் செலவின் விளைவைப் பார்க்க ஏற்ற இடம் அது.

சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். அரசு 100 கோடி கூடுதலாகச் செலவழிக்கிறது. கையில் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் மக்கள் 75 காசைச் செலவிடுகிறார்கள். வட்டி அசையாவிட்டால், பணம் கைமாறிக் கைமாறி நாட்டின் வருமானம் 400 கோடி கூடும். ஐஎஸ் கோடு வலப்பக்கம் நகர்வது இதனால்தான். ஆனால் வருமானம் கூடினால் அன்றாடப் புழக்கத்துக்கும் கூடுதல் பணம் தேவை. மத்திய வங்கி பணத்தின் அளவைக் கூட்டவில்லை. ஆகவே மக்கள் கடன்பத்திரங்களை விற்கிறார்கள். பத்திர விலை விழ, வட்டி ஏறுகிறது. எல்எம் கோடு மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதன் பொருள் இதுவே.

வருமானம் 80 கோடி கூடும்போது வட்டி 1 புள்ளி ஏறும் என்றும், வட்டி 1 புள்ளி ஏறினால் தனியார் முதலீடு 20 கோடி குறையும் என்றும் வைத்துக்கொள்வோம். வட்டி 2.5 புள்ளி ஏறியதும் கணக்கு நிலைகொள்கிறது. முதலீடு 50 கோடி சரிகிறது. அரசின் 100 கோடியில் நிகரமாக மிஞ்சுவது 50 கோடிதான்; வருமானம் 400 அல்ல, 200 கோடியே கூடுகிறது. விடுபட்டுப்போன அந்த 50 கோடியைத்தான் பொருளியலில் நெருக்கித் தள்ளல் என்கிறார்கள்.

தள்ளப்படுவது யார்? வட்டிக்கு முதலில் அடிபடுபவர்கள், குறிப்பாக வீடு கட்டுவோர். 1965-இல் சுமார் 14.7 லட்சம் வீடுகளுக்கு அமெரிக்காவில் வேலை தொடங்கியது. 1966-இல் அது சுமார் 11.7 லட்சமாக வீழ்ந்தது.

படத்தில் இல்லாத ஒன்றும் அங்கே நடந்தது. வீட்டுக்கடன் சங்கங்களால் வைப்புத்தொகைக்குச் சந்தை அளவு வட்டி தர முடியவில்லை. சந்தை வட்டி ஏறியதும், சேமிப்பாளர்கள் அச்சங்கங்களிலிருந்து பணத்தை எடுத்துப் பத்திரங்களில் போட்டார்கள். வீடு கட்ட நினைத்தவர், கூடுதல் வட்டி தரத் தயாராக இருந்தும் கடன் கிடைக்காமல் திரும்பினார். வீட்டுத்துறை விழுந்ததற்கு வட்டி ஏற்றத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

1966 இறுதியில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் 1967-இல் வீட்டு வேலைகள் மீண்டும் ஏறின. போருக்கான 10 சதவீதக் கூடுதல் வரியில் ஜான்சன் கையெழுத்திட்டது 1968 ஜூனில்தான்.