ஒரு சொல் மாறினால் அது மேடைப் பதிவா?

அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ‘கோடக்ரோம்’ 1973இல் வெளிவந்த பாட்டு. கோடக் நிறுவனத்தின் வண்ணப் பிலிமைப் பற்றியது. கருப்பு வெள்ளையில் எல்லாம் எப்படித் தெரியும் என்று சொல்லும் வரியில், இசைத்தட்டில் சைமன் ‘வொர்ஸ்’ என்று பாடுகிறார். அதாவது மோசமாகத் தெரியும். 1981 செப்டம்பர் 19 அன்று நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஆர்ட் கார்ஃபங்கலுடன் சேர்ந்து கச்சேரி செய்தபோது அதே இடத்தில் ‘பெட்டர்’ என்று பாடினார். ஒரே சொல்தான் மாறியது, பொருள் நேர் எதிராகிவிட்டது.

பெயரும் ஆண்டும் இல்லாத ஒரு ஒலிக்கோப்பு உங்கள் கைக்கு வருகிறது, அதில் ‘பெட்டர்’ என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது சென்ட்ரல் பூங்காப் பதிவு என்று உடனே எழுதிவிடலாமா? கூடாது. அந்தச் சொல் நமக்கு ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்கிறது: இது 1973 இசைத்தட்டில் உள்ள பாடல் அல்ல. பிற்காலக் கச்சேரிகளிலும் சைமன் இப்படிப் பாடியிருப்பதால், எந்த மேடை என்பதை அந்தச் சொல்லால் சொல்ல முடியாது.

சொல் மாறியதாலேயே அது மேடைப் பதிவு என்றும் ஆகிவிடாது. வான் மாரிசனின் ‘பிரவுன் ஐட் கேர்ள்’ 1967இல் வந்தபோது, ஒரு வரி வானொலிக்கு ஒத்துவராது என்று கருதி, அதே பாட்டின் வேறொரு வரியை அந்த இடத்தில் வெட்டி ஒட்டிய பிரதி ஒன்றும் வெளியானது. இரண்டுமே ஸ்டூடியோவில் பிறந்தவை. இரண்டிலும் டிரம்ஸ், கிதார், குரலின் நெளிவு எல்லாம் ஒன்றுதான். அந்த ஒரு வரி மட்டும் வேறு. ஆக, சொல் வித்தியாசம் நம்மைச் சந்தேகப்பட வைக்கும், அவ்வளவுதான். முடிவைச் சொல்ல வேண்டியது ஒலி.

ஒலியில் முதலில் காதில் விழுவது கைதட்டல். அதையும் அப்படியே நம்ப முடியாது. ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன்னால் பாடினார். ‘ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்’ பாட்டில், ஒருவனைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லும் வரிக்குப் பிறகு ஓர் ஆரவாரம் எழும். அந்த ஆரவாரம் அந்த நொடியில் எழுந்ததல்ல; பின்னால் இசைத்தட்டைத் தயாரிக்கும்போது சேர்க்கப்பட்டது. காவலர்கள் நின்றுகொண்டிருந்த கூடத்தில் கைதிகள் அப்படிப்பட்ட இடங்களில் அடக்கியே வாசித்தார்கள். பதிவு உண்மையான மேடைப் பதிவுதான், ஆனால் அதன் மிகப் புகழ்பெற்ற கூச்சல் ஒட்டுவேலை. இப்படிக் கூச்சலை ஸ்டூடியோப் பாட்டின் மேலும் ஒட்டலாம், மேடைப் பதிவிலிருந்து வெட்டியும் எறியலாம்.

எளிதில் ஒட்டவோ வெட்டவோ முடியாதது ஒன்று உண்டு. அதை ஒலிப்பதிவாளர்கள் ‘ப்ளீட்’ என்பார்கள். ஒரு வாத்தியத்தின் ஒலி, பக்கத்தில் வேறொன்றுக்காக வைத்த மைக்கில் கசிந்து விழுவதுதான் அது. ஸ்டூடியோவில் பாடகர் பெரும்பாலும் தனி அறையில் பாடுகிறார், அல்லது வாத்தியங்களைப் பதிவு செய்து முடித்த பிறகு இன்னொரு நாளில் பாடுகிறார். அவருடைய மைக்கில் அவர் குரல் மட்டுமே இருக்கும். மேடையில் அவருக்குப் பின்னால் சில அடி தூரத்தில் டிரம்ஸ், காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர். எல்லாமே குரல் மைக்கில் போய் விழும்.

இதைக் கேட்டுக் கண்டுபிடிக்க ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, பாடகர் ஒரு வரியை முடித்து அடுத்த வரியை எடுக்கும் இடைவெளியைப் பிடியுங்கள். குரலைக் கவனிக்காமல் டிரம்ஸின் சிம்பலை மட்டும் கவனியுங்கள். மேடைப் பதிவில், கலவை செய்தவர் அந்த இடைவெளியில் குரல் மைக்கைக் குறைத்திருந்தால் சிம்பலின் ஒலி சட்டென்று மெலியும். குரல் வந்ததும் மறுபடி விரியும். ஸ்டூடியோப் பாட்டில் குரல் வந்தாலும் போனாலும் சிம்பல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இசைக்குழு முழுவதையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பதிவு செய்த பழைய ஸ்டூடியோப் பாடல்களிலும் கசிவு உண்டு என்பதால், இதோடு இன்னொரு அடையாளத்தையும் தேடுவது நல்லது. பாடகர் தன் குரலோடு தானே சேர்ந்து இரட்டைக் குரலாகப் பாடியிருந்தால் அது ஸ்டூடியோ வேலை. பாட்டின் கடைசியில் ஒலி படிப்படியாகத் தேய்ந்து மறைந்தால், அங்கே கலவை மேசையில் ஒரு கை வேலை செய்திருக்கிறது என்று பொருள். மேடையில் குழு ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும்.

ஸ்டூடியோப் பாட்டின் நல்ல பிரதி ஒன்று கையில் இருந்தால் காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. Audacity போன்ற இலவச மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்து, தொடக்கம் துல்லியமாகப் பொருந்தும்படி நகர்த்தி, ஒலி அளவைச் சமமாக்குங்கள். பிறகு ஒன்றுக்கு மட்டும் Invert கொடுத்து இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். ஒன்றின் அலை மேலே போகும்போது மற்றதன் அலை கீழே போகும். இரண்டும் ஒரே பதிவாக இருந்தால் ஒன்றை ஒன்று அழித்து, மிச்சமாக மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கும். வான் மாரிசன் பாட்டைப் போல வெட்டி ஒட்டியதாக இருந்தால், மாறிய வரி வரும்போது மட்டும் பாட்டு தலைகாட்டும். மேடைப் பதிவாக இருந்தால் எங்குமே அழியாது. இரண்டு பாட்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். எந்தப் பாடகரும் ஒரே பாட்டை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் இருமுறை பாடுவதில்லை. கேசட்டிலிருந்தோ பழைய தட்டிலிருந்தோ எடுத்த பிரதிக்கு இந்தச் சோதனை ஒத்துவராது, ஏனென்றால் சுழலும் வேகம் இம்மியளவு மாறினாலும் அலைகள் விலகிப்போகும்.

இப்போது பெயரில்லாத அந்தக் கோப்புக்கு வருவோம். ‘பெட்டர்’ என்ற சொல் 1973 தட்டை விலக்கிவிட்டது. ப்ளீட் இருக்கிறது, ஸ்டூடியோப் பிரதியோடு சேர்த்து ஓட்டினால் அழியவில்லை, ஆகவே மேடை. எந்த மேடை என்பதற்கு, மாறிய சொல்லை விட்டுவிட்டு அந்தக் கச்சேரிக்கே உரிய ஒன்றைத் தேட வேண்டும். சென்ட்ரல் பூங்காவில் ‘கோடக்ரோம்’ தனியாக முடியவில்லை. நிற்காமல் அப்படியே சக் பெர்ரியின் ‘மேபெலின்’ பாட்டுக்குள் நுழைகிறது. கார்ஃபங்கலின் குரலும் கூட இருக்கிறது. ஸ்டூடியோப் பாட்டு மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிட, இது ஆறு நிமிடத்தை நெருங்குகிறது. உங்கள் கோப்பு ‘மேபெலின்’ தொடங்கும் முன்பே வெட்டப்பட்டிருந்தால், 1982இல் வந்த அந்தக் கச்சேரியின் இசைத்தட்டோடு மேலே சொன்ன Invert சோதனையைச் செய்து பாருங்கள், அழிந்தால் அதுதான்.

எல்லாச் சோதனையிலும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒப்பிடும்போது அச்சிட்ட பாடல் வரிகளை ஆதாரமாக வைக்காதீர்கள். இசைத்தட்டின் உறையில் அச்சிட்டதற்கும் அதே தட்டில் பாடியதற்கும் இடையில்கூடச் சொற்கள் மாறியிருப்பது உண்டு. ஒலியை ஒலியோடுதான் ஒப்பிட வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பாட்டு, இடம், நாள் மூன்றையும் எழுதுங்கள். இடமும் நாளும் உறுதியாகாவிட்டால் ‘மேடைப் பதிவு, இடம் தெரியவில்லை’ என்று மட்டும் எழுதி, எந்தச் சொல் எத்தனையாவது நிமிடத்தில் மாறுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். அடுத்து இன்னொரு பிரதி கிடைக்கும்போது ஒப்பிட அந்தக் குறிப்பு போதும்.